புள்ளி வைப்பதா, ‘ஆனால்’ போடுவதா, எச்சமாக மடக்குவதா? பத்தித் திருத்த வீட்டுப்பாடத்தில் எதை எப்போது எடுப்பது

பத்தியைத் திருத்தி எழுதச் சொல்லும் வீட்டுப்பாடம் வந்தால் பல வீடுகளில் ஒரே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. நான்கு செய்திகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடும் வாக்கியம் ஒன்று இருக்கும், பக்கத்திலேயே பாதியில் அறுந்துபோன துண்டு ஒன்று இருக்கும். தப்பு இருப்பது பிள்ளைக்குத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பெரியவருக்கும் தெரிகிறது. எதை வைத்துச் சரி செய்வது என்பதில்தான் குழப்பம். நடுவில் புள்ளி வைத்தாலும் சரியாகத்தான் தெரிகிறது, ‘அதனால்’ போட்டாலும் சரியாகத்தான் தெரிகிறது, இரண்டையும் ஒன்றாக மடக்கினாலும் அப்படித்தான். அப்படியானால் எது?

நாள் முழுக்கப் பிறர் எழுதிய பத்திகளைத் திருத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றும் சரியான கருவிகள்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. ஒவ்வொன்றும் பொருளில் எதையோ எடுத்துக்கொண்டுதான் வாக்கியத்தைச் சரி செய்து தருகிறது.

## முதலில், தப்பு எங்கே என்று பார்ப்பது

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். ஆகவே பத்தியில் உள்ள முற்றுகளுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் இரண்டு மூன்று முற்றுகள் இருந்தால் அது ஒட்டிப்போன வாக்கியமாக இருக்கலாம். ஒரு முற்றுகூட இல்லையென்றால் அது துண்டாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘மழை வரும் என்று அம்மா சொன்னாள்’ என்பதில் வரும், சொன்னாள் என்று இரண்டு முற்றுகள் இருக்கின்றன, ஆனாலும் அது ஒரே வாக்கியம்தான், ஏனென்றால் ‘என்று’ முதல் முற்றைப் பிடித்து இரண்டாவதோடு கட்டிவிடுகிறது. ‘அவர் என் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை, ஆனாலும் அது முழு வாக்கியம், ‘ஆசிரியர்’ என்ற பெயரே பயனிலையாக நிற்கிறது. ‘வந்தான்’ என்ற ஒரே சொல்கூட முழு வாக்கியம்தான், எழுவாய் சொல்லாமலே ‘அவன்’ என்று விளங்கிவிடுகிறது. ஆங்கில வகுப்பில் பழகிய ‘எழுவாய் இருக்கிறதா, வினை இருக்கிறதா’ என்ற சோதனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் இந்த இரண்டையும் துண்டு என்று வட்டமிட்டு, நல்ல வாக்கியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ‘வந்தார், அமர்ந்தார், பேசத் தொடங்கினார்’ என்று ஒரே ஆளின் செயல்களைக் குட்டிக் குட்டி முற்றுகளாக வேண்டுமென்றே அடுக்குவதும் தப்பில்லை. கதையில் அது நன்றாகவே இருக்கும்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

நான் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன். இரண்டு செய்திகளிலும் செயலைச் செய்பவர் ஒருவரா, வேறு வேறா? இரண்டுக்கும் நடுவில் என்ன உறவு: காரணமா, முரணா, வெறுமனே ஒன்றன்பின் ஒன்றா? கடைசியில் வரும் வினை ‘இல்லை’ என்று மறுக்கிறதா? வாய்விட்டுப் படித்தால் மூச்சு எங்கே நிற்கிறது?

இதற்கெல்லாம் முன்னால் கேள்வித்தாளைப் படியுங்கள். ‘தொடர் வாக்கியமாக மாற்றுக’ என்றோ ‘தனி வாக்கியங்களாகப் பிரித்து எழுதுக’ என்றோ இருந்தால் தேர்வு உங்கள் கையில் இல்லை, ஆசிரியர் ஏற்கெனவே செய்துவிட்டார். ‘பத்தியைத் திருத்தி எழுதுக’ என்று மட்டும் இருக்கும்போதுதான் இந்தக் கட்டுரை தேவைப்படும்.

## முதல் வழி: முற்றுப்புள்ளி

இதுதான் எளிது, அவசரத்துக்குக் கைகொடுப்பது. முற்றுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் இலக்கணப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். செய்பவர் வேறு வேறாக இருந்து, உறவும் பெரிதாக ஒன்றும் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. ‘மணி அடித்தது எல்லோரும் எழுந்து நின்றார்கள் தலைமையாசிரியர் மேடைக்கு வந்தார்’ என்பதை மூன்றாக வெட்டினால் போதும், எதுவும் குறையாது.

ஆனால் இந்த வழிக்கு இரண்டு மறைமுகச் செலவுகள் உண்டு. ஒன்று, உறவு காணாமல் போவது. ‘அவளுக்குத் தலைவலி, அவள் சீக்கிரம் தூங்கிவிட்டாள்’ என்பதை இரண்டாக வெட்டினால் காரணம் என்பது படிப்பவரின் ஊகத்துக்குப் போய்விடும். இந்தச் சின்ன வாக்கியத்தில் ஊகிப்பது எளிது, பத்தி முழுக்க இப்படி வெட்டினால் படிப்பவர் ஒவ்வோர் இடத்திலும் பாலத்தைத் தானே கட்டிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது, யார் என்ற குழப்பம். இது தமிழில் கொஞ்சம் கூடுதலாகவே வரும், எழுவாயைச் சொல்லாமல் விடும் பழக்கம் நமக்கு இருப்பதால். இந்த வரியைப் பாருங்கள்: ‘அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான்.’ நடுவில் புள்ளி வைத்தால், ‘அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான்.’ கொடுத்தது அண்ணனா, கூப்பிட்ட குரலுக்கு வந்த தம்பியா? புள்ளி இதைத் தீர்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் மறைத்தே வைக்கிறது. ‘அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான்’ என்றால் கொடுத்தது அண்ணன்தான். ‘அண்ணன் கூப்பிட்டதும் தம்பி புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான்’ என்றால் தம்பி. பிள்ளை எதை நினைத்து எழுதினாள் என்று கேட்டுவிட்டுத்தான் இந்த வரியில் கைவைக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: இணைப்புச் சொல்

ஆனால், எனினும், அதனால், எனவே, ஆகவே, ஏனெனில், பிறகு. இவை உறவை வெளிப்படையாகச் சொல்லிவிடும், அதுதான் இவற்றின் பலம். இரண்டு செய்திகளும் தனித்தனியாக, சம எடையோடு நிற்க வேண்டும், அதேசமயம் உறவும் தெரிய வேண்டும் என்றால் இதுதான் வழி.

பலரும் கேட்பது: ‘ஆனால்’ என்று வாக்கியத்தைத் தொடங்கலாமா? தமிழில் தாராளமாகத் தொடங்கலாம். முன் வாக்கியம் நீளமாக இருந்தால் புள்ளி வைத்துவிட்டு ‘ஆனால்’ என்று புதிதாகத் தொடங்குவதே தெளிவு. ‘வந்தான், ஆனால் பேசவில்லை’ போலச் சின்னதாக இருந்தால் காற்புள்ளி போதும். புள்ளியும் இணைப்புச் சொல்லும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம் என்பது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கேயும் செலவுகள் உண்டு. நான் அதிகம் பார்ப்பது ‘மற்றும்’. ‘அவன் வீட்டுக்கு வந்தான் மற்றும் கைகால் கழுவினான்’ என்று எழுதுகிறார்கள். பெயர்களை அடுக்குவதற்கே ‘மற்றும்’ தேவையா என்று கேட்கலாம், ‘அண்ணனும் தம்பியும்’ என்று ‘உம்’ போட்டால் போதும். இரண்டு முற்றுகளை அது இயல்பாகச் சேர்ப்பதே இல்லை. அப்படி ஒன்றைப் பார்த்தால் ‘வந்து கைகால் கழுவினான்’ என்று எச்சமாக மாற்றுவதுதான் சரி.

இன்னொன்று, ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. ‘நன்றாகப் படித்தாலும் ஆனால் மறந்துவிட்டது’ என்பதில் ‘ஆலும்’ ஏற்கெனவே முரணைச் சொல்லிவிட்டது, பிறகு ‘ஆனால்’ எதற்கு? ஒன்றை எடுத்துவிட வேண்டும்: ‘நன்றாகப் படித்தாலும் மறந்துவிட்டது’ அல்லது ‘நன்றாகப் படித்தேன், ஆனால் மறந்துவிட்டது.’ இரண்டாவதில் ‘படித்தாலும்’ என்பது ‘படித்தேன்’ என்று முற்றாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். இணைப்புச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும்.

## மூன்றாம் வழி: எச்சமாக மடக்குவது

வீட்டுப்பாடத் தாளில் பெரும்பாலும் ‘புள்ளி அல்லது இணைப்புச் சொல்’ என்று இரண்டைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தமிழ் இயல்பாகவே எடுக்கும் வழி மூன்றாவதுதான். முதல் முற்றை எச்சமாக்கிவிட்டுக் கடைசி முற்றை மட்டும் நிற்கவைப்பது: வந்து, வந்ததும், வந்தபோது, வந்ததால், வந்தாலும். ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்த செயல்கள் என்றால் இதைத்தான் முதலில் முயல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் எச்சம் (வந்து, எழுந்து, ஓடி) செய்தவரை மாற்றாது என்பது. எச்சத்தைச் செய்தவரே முற்றையும் செய்திருக்க வேண்டும். இது புதிதாக யாரோ வைத்த விதி இல்லை, நன்னூலிலேயே இருக்கிறது. ‘செய’ வாய்பாடு அப்படியில்லை, வேறு ஆளையும் ஏற்கும். அதனால்தான் ‘நான் கூப்பிட அவன் வந்தான்’ சரி, ‘நான் கூப்பிட்டு அவன் வந்தான்’ எழுத்தில் இடறுகிறது. ஆள் மாறினால் ‘செய்து’ வேண்டாம், ‘செய’, ‘செய்ததும்’, ‘செய்ததால்’ என்று போங்கள். ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ போலக் காரணமும் விளைவுமாக வருவதைப் பழைய இலக்கணமே ஏற்றுக்கொண்டிருக்கிறது, ‘பெய்து’ அங்கே ‘பெய்ய’ என்ற பொருளில் நிற்கிறது என்று. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் பிள்ளைக்குப் பழகும் வரையில் ‘பெய்ததால்’ என்று எழுதச் சொல்வது பாதுகாப்பு.

பெரிய செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருநாள் ஒரு மாணவி தன் திருத்தத்தைக் காட்டினாள். மூலத்தில் இருந்தது: ‘மாமா வீட்டுக்கு வந்தார் அப்பாவிடம் பேசவில்லை.’ அவள் மடக்கி எழுதியது: ‘மாமா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசவில்லை.’

“சார், ஒரே ஆள்தானே, அதான் ‘வந்து’ போட்டேன்” என்றாள்.

“சரிம்மா, இப்ப இதைப் படிச்சுச் சொல்லு, மாமா வந்தாரா வரலையா?”

மறுபடி படித்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “வரவே இல்லைன்னும் தோணுது சார்” என்றாள்.

அதேதான். கடைசியில் நிற்கும் ‘இல்லை’ முன்னால் உள்ள எச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. மாமா வந்தது உறுதி, பேசாததுதான் செய்தி என்றால் ‘வந்தார், ஆனால் பேசவில்லை’ என்றோ ‘வந்தும் பேசவில்லை’ என்றோ எழுத வேண்டும். முற்று மறுப்பாக இருந்தால் ‘செய்து’ எச்சத்துக்கு முன் ஒரு முறை நின்று யோசிக்கச் சொல்லுங்கள்.

நீளமும் ஒரு செலவு. மூன்று எச்சம் வரை படிப்பவர் கூடவே வருவார். ஐந்தாவது ஆறாவது எச்சத்தில் யார் செய்தார்கள் என்பதே மறந்துபோகும். பார்க்கப்போனால் புதிய ஒட்டு வாக்கியம்தான் அது, இலக்கணச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | முற்றுப்புள்ளி | இணைப்புச் சொல் | எச்சம் |
|---|---|---|---|
| செய்பவர் ஒருவரே | யார் என்று மங்கலாம் | பரவாயில்லை | மிகப் பொருத்தம் |
| செய்பவர் மாறுகிறார் | பொருத்தம் | பொருத்தம் | ‘செய்து’ கூடாது. செய, செய்ததும், செய்ததால் சரி |
| காரணம் அல்லது முரண் | மறைந்துபோகும் | தெளிவாகத் தெரியும் | ஆல், ஆலும் போட்டால் தெரியும் |
| முற்று மறுப்பாக இருக்கிறது | ஆபத்தில்லை | பாதுகாப்பானது | பொருள் மாறலாம் |
| அளவு மீறினால் | துண்டு துண்டாக ஒலிக்கும் | ‘அதனால்’ திரும்பத் திரும்ப வரும் | மூச்சு முட்டும் |

## துண்டுகளுக்கு வேறு கணக்கு

துண்டு வாக்கியத்தைப் புள்ளியால் சரி செய்ய முடியாது, பெரும்பாலும் தவறான இடத்தில் வைத்த புள்ளிதான் அதை உண்டாக்கியதே. ‘அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் வந்ததால்.’ பேச்சில் நாம் இப்படித்தான் பேசுகிறோம், முக்கியமானதைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் ஒட்டுவோம். எழுத்தில் அந்தத் துண்டுக்கு இரண்டு வழி உண்டு. முன்னால் நகர்த்தி ஒட்டலாம்: ‘காய்ச்சல் வந்ததால் அவன் பள்ளிக்கு வரவில்லை.’ அல்லது அதற்கே ஒரு முற்று கொடுத்துத் தனியாக நிற்கவைக்கலாம்: ‘அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தது.’

பிள்ளைகள் அதிகம் செய்வது மூன்றாவதாக ஒன்று: துண்டின் தலையில் ‘ஏனெனில்’ வைப்பது. ‘ஏனெனில் காய்ச்சல் வந்ததால்.’ இணைப்புச் சொல் போட்டாயிற்று, சரியாகிவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது, ஆனால் முற்று இன்னும் வரவில்லை, காரணம் மட்டும் இரண்டு முறை வந்திருக்கிறது. ‘ஏனெனில்’ வேண்டுமென்றால் ‘ஆல்’ போக வேண்டும்: ‘ஏனெனில் அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தது.’

உரையாடலில் வரும் துண்டுகளைத் தொடாதீர்கள். ‘எங்கே போகிறாய்?’ என்ற கேள்விக்கு ‘நூலகத்துக்கு’ என்று பதில் வந்தால் அது முழுப் பதில்தான்.

## ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

> நேற்று மாலை திடீரென்று மழை பெய்தது நானும் தம்பியும் மொட்டை மாடிக்கு ஓடினோம் அங்கே துணிகள் கொடியில் கிடந்தன. பாதி நனைந்த நிலையில். தம்பி கொடியை வேகமாக இழுத்தான், அது அறுந்து துணிகள் கீழே விழுந்தன அம்மா கோபப்படவில்லை. ஏனெனில் நாங்கள் உதவ வந்ததால். நாங்கள் துணிகளை மறுபடி துவைத்துப் பிழிந்து உள்ளே காயப்போட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்து மழை நின்றது.

ஐந்து புள்ளிகள், ஏழு முற்றுகள். முதல் வாக்கியத்திலும் மூன்றாவதிலும் மும்மூன்று முற்றுகள், இரண்டாவதிலும் நான்காவதிலும் ஒன்றுகூட இல்லை. ஐந்தாவதில் சரியாக ஒரே முற்று இருக்கிறது, ஆகவே எண்ணிப் பார்த்து மட்டும் திருத்துபவர் அதை விட்டுவிடுவார். ஆனால் அதுதான் பத்தியிலேயே மோசமான வாக்கியம். நாங்கள் உட்கார்ந்து, மழை நின்றது. ஆள் மாறிவிட்டது.

முதல் இரண்டு முற்றுகளில் செய்பவர் வேறு: மழை, நாங்கள். மழையால்தான் ஓடினோம் என்ற உறவும் இருக்கிறது. ஆகவே ‘செய’ வாய்பாடு: ‘மழை பெய்யவே நானும் தம்பியும் மொட்டை மாடிக்கு ஓடினோம்.’ அங்கே ஒரு புள்ளி. ‘பாதி நனைந்த நிலையில்’ என்ற துண்டுக்குப் புதிய சொல் எதுவும் வேண்டாம், தன் இடத்துக்குத் திரும்பினால் போதும்: ‘அங்கே துணிகள் பாதி நனைந்த நிலையில் கொடியில் கிடந்தன.’

தம்பி இழுத்தான் என்பதோடு புள்ளி வைக்கலாம், காற்புள்ளி அங்கே முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்யப் பார்த்துத் தோற்றிருக்கிறது. ‘அது அறுந்து துணிகள் விழுந்தன’ என்பது மழை பெய்து குளம் நிரம்பிய கதைதான். விட்டுவிடலாம், நான் ‘அறுந்ததால்’ என்று மாற்றினேன். அம்மா கோபப்படாதது எதிர்பாராதது, ஆகவே ‘ஆனால்’.

கடைசி வாக்கியத்தை நடுவில் உடைத்து, உட்கார்ந்து என்பதை ‘உட்கார்ந்தபோது’ ஆக்கினால் ஆள் மாறியதும் சரியாகிவிடும்.

> நேற்று மாலை திடீரென்று மழை பெய்யவே நானும் தம்பியும் மொட்டை மாடிக்கு ஓடினோம். அங்கே துணிகள் பாதி நனைந்த நிலையில் கொடியில் கிடந்தன. தம்பி கொடியை வேகமாக இழுத்தான். அது அறுந்ததால் துணிகள் கீழே விழுந்தன. ஆனால் அம்மா கோபப்படவில்லை. ஏனெனில் நாங்கள் உதவத்தான் வந்தோம். நாங்கள் துணிகளை மறுபடி துவைத்துப் பிழிந்து உள்ளே காயப்போட்டோம். களைத்துப்போய் உட்கார்ந்தபோது மழை நின்றது.

அம்மா வரும் இடத்தில் நான் ஏன் மடக்கவில்லை என்று கேட்கலாம். ‘நாங்கள் உதவ வந்ததால் அம்மா கோபப்படவில்லை’ என்று ஒரே வாக்கியமாக எழுதினால் சுருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் மாமா வாக்கியத்தில் பார்த்த அதே ‘இல்லை’ இங்கேயும் நிற்கிறது. அம்மா கோபப்பட்டாள், அதற்குக் காரணம் நாங்கள் உதவ வந்தது இல்லை, வேறெதுவோ என்றும் அதைப் படிக்க இடம் இருக்கிறது. ‘ஏனெனில்’ போட்டு இரண்டாகப் பிரித்தால் அந்த இடமே இல்லாமல் போகிறது, ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.